கழித்த பணத்துக்குக் கணக்கு எங்கே?

கோவையில் ஒரு பம்ப் கம்பெனியின் கணக்குப் பிரிவில் நான் சேர்ந்த புதிது. ஒரு நாள் காலை பவுண்டரிக்காரர் ஒருவர் நேரில் வந்துவிட்டார். கையில் நாங்கள் அனுப்பிய டெபிட் நோட். அதை மேசையில் விரித்து ஒரே ஒரு வரியின் மேல் விரலை வைத்தார்.

“ஏனுங்க தம்பி, ‘ரிஜெக்‌ஷன், ரூ. 40,620’னு போட்டிருக்கீங்க. எத்தனை உருப்படி, என்ன எடை, என்ன கோளாறு, ஒண்ணும் இல்லீங்களே. நான் இதை என்னன்னு எடுத்துக்கறது?”

எழுதியது நான்தான். தொகை என் கால்குலேட்டரில் வந்தது. ஆனால் அவர் கேட்ட எந்தக் கேள்விக்கும் அந்தக் காகிதத்தில் பதில் இல்லை. கணக்கு மேலாளர் என்னைக் கூப்பிட்டு, “முதல்ல இருந்து போடு. அவரே தன் ஆபீஸ்ல உக்காந்து போட்டாலும் இதே தொகை வரணும்” என்றார். முதலில் இருந்து போட்டபோது தொகை 40,620 இல்லை, 36,360 என்று வந்தது. வித்தியாசமான 4,260 ரூபாய் எங்கிருந்து வந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை. எண்களைப் புரிவதற்கு எளிதாக மாற்றியிருக்கிறேன். வரி விதிகளையும் இன்றைய நிலைக்கே சொல்கிறேன்.

பற்று எழுதுவது என்றால்

சரக்கு வந்ததும் நம் பேரேட்டில் சப்ளையர் பெயருக்கு வரவு எழுதுகிறோம். அவ்வளவு பணம் அவருக்குத் தர வேண்டும் என்று பொருள். அதில் ஒரு பகுதி சரக்கு உதவாது என்று தள்ளப்பட்டால், அதற்கான தொகையை அதே கணக்கில் பற்று எழுதிக் குறைக்கிறோம். “உங்கள் கணக்கில் இவ்வளவு பற்று எழுதியிருக்கிறேன், காரணம் இது” என்று அவருக்குச் சொல்லும் காகிதம்தான் டெபிட் நோட். பில் என்பது விற்றவர் வாங்கியவரிடம் கேட்கும் பணம் என்றால், இது வாங்கியவர் விற்றவரிடம் திருப்பிக் கேட்கும் பணம்.

எங்கள் சரக்கு, பம்ப் கேசிங் எனும் வார்ப்பிரும்பு உறை. 200 உருப்படி, மொத்தம் 2,500 கிலோ. ஒன்றுக்கு 12.5 கிலோ. கிலோ 110 ரூபாய். சரக்கின் மதிப்பு 2,75,000 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 49,500. பில் மொத்தம் 3,24,500.

மூன்று வகைக் கழிவு

வார்ப்பில் குறை தெரிய வரும் நேரம் ஒன்றுபோல் இருப்பதில்லை. கணக்கு சிக்கலாவதே அதனால்தான்.

லாரியில் இருந்து இறக்கிய மறுநாளே தரப் பரிசோதகர் 8 உருப்படிகளைச் சிவப்பு பெயின்ட் அடித்து ஒதுக்கிவிட்டார். சிலவற்றில் அச்சு மணல் உதிர்ந்து விழுந்து பள்ளம். சிலவற்றில், உருகிய இரும்பு இரண்டு பக்கமாக ஓடிவந்து சேருவதற்குள் ஆறிப்போய், ஒட்டாமல் ஒரு கோடு. இவை கண்ணாலேயே தெரிபவை.

மற்றவை மெஷின் ஷாப்புக்குப் போயின. லேத்தில் முகம் சீவி உள்துளையைக் கடைந்தபோது 9 உருப்படிகளில் தோலுக்குக் கீழே ஒளிந்திருந்த ஊசித்துளைகள் வெளியே வந்தன. புளோ ஹோல் என்பார்கள். அச்சு மணலில் ஈரம் அதிகமாக இருந்தால் கொதிக்கும் இரும்பு பட்டவுடன் அது ஆவியாகி, வெளியேற வழி இல்லாமல் உள்ளேயே குமிழாக உறைந்துவிடும். மேல்தோல் வழவழப்பாகவே இருக்கும். உளி பட்டால்தான் தெரியும். இன்னும் 5 உருப்படிகள் லேத்தையும் தாண்டி, துளை போட்டு மரை வெட்டும் வேலையும் முடிந்து, நீர் அழுத்தச் சோதனையில் மாட்டின. சுவரில் வியர்வை போல நீர் அரும்பியது.

இவை தவிர, உள்துளை அளவு மீறிக் கடையப்பட்ட 2 உருப்படிகளும் அதே சிவப்புத் தொட்டியில் கிடந்தன. இவை எங்கள் லேத்காரரின் கைப்பிசகு. வார்ப்பில் குறை இல்லை.

ஸ்டோர்ஸில் இருந்து எனக்கு வந்த சீட்டில் “ரிஜெக்‌ஷன் 24” என்று மட்டும் இருந்தது. நான் 24 உருப்படிக்கும் போட்டுவிட்டேன். முதல் தவறு அது. மெட்டீரியல் ரிஜெக்‌ஷன் வேறு, பிராசஸ் ரிஜெக்‌ஷன் வேறு. முன்னது சப்ளையர் தலையில் விழும், பின்னது நம் தலையில். இரண்டுக்கும் ஒரே தொட்டி வைத்திருக்கும் இடத்தில் டெபிட் நோட் சரியாக இருக்க வாய்ப்பே இல்லை. ஒவ்வொரு உருப்படிக்கும் என்ன கோளாறு, எந்த நிலையில் தெரிந்தது என்று பரிசோதகர் எழுதும் அறிக்கைதான் இந்தக் கணக்கின் அடித்தளம். அந்த 2 உருப்படிகளை எடுத்ததும் வரியோடு சேர்த்து 3,245 ரூபாய் குறைந்தது.

எந்த எடை, எந்த விலை

மீதி 22 உருப்படிகள். இவற்றின் எடையை எப்படி எடுப்பது? திருப்பி அனுப்பும்போது தராசில் வைத்தால் லேத்தில் கடைந்தவை 11.5 கிலோதான் நிற்கும். துளையும் போட்டவை அதற்கும் கீழே. அதை வைத்துக் கணக்கிட்டால் நமக்கு நஷ்டம். நாம் விலை கொடுத்தது 12.5 கிலோவுக்கு. ஆகவே பில்லில் எந்த எடைக்குப் பணம் போட்டாரோ அதே எடைதான்.

விலையும் அப்படியே. இரும்பு விலை ஏறி இறங்கும்போது வார்ப்பின் கிலோ விலையும் மாறும். இன்று 114 ஆகியிருந்தாலும், தள்ளிய சரக்கு 110 ரூபாய் பில்லில் வந்தது என்றால் 110தான். இதற்காகத்தான் வார்ப்பிலேயே ஹீட் நம்பர் எனும் எண் புடைத்து நிற்கும். எந்த முறை உலையில் உருக்கிய இரும்பு என்பதை அது காட்டும். அதைப் பிடித்துக்கொண்டு போனால் எந்தப் பில் என்பது தெரியும். நோட்டில் அந்தப் பில் எண்ணும் தேதியும் இல்லை என்றால், பவுண்டரிக்காரரால் தன் புத்தகத்தில் அதை எதோடும் சேர்க்க முடியாது.

எனவே 22 உருப்படிகள், 275 கிலோ, 30,250 ரூபாய். அதற்கு 18 சதவீத வரி 5,445. இரண்டும் சேர்ந்து 35,695.

கடைசல் கூலி யார் கணக்கில்

புளோ ஹோல் இருந்த 14 உருப்படிகளுக்கும் நாங்கள் கடைசல் கூலி செலவழித்திருக்கிறோம். உதவாத இரும்பின் மேல் செய்த வேலை அது. அதைச் சப்ளையரிடம் பிடிக்கலாமா?

பர்ச்சேஸ் ஆர்டரில் எழுதியிருந்தால் பிடிக்கலாம். எங்கள் ஆர்டரில், வார்ப்புக் குறையால் தள்ளப்படும் உருப்படிக்கு, குறை தெரிந்த நிலை வரை ஆன மெஷினிங் கூலி பிடிக்கப்படும் என்று ஒரு வரி இருந்தது. கூலி விகிதமும் இருந்தது. கடைசலுக்கு 60 ரூபாய், துளைக்கும் மரைக்கும் சேர்த்து 45 ரூபாய். அப்படி ஒரு வரி இல்லாத ஆர்டரை வைத்துக்கொண்டு கூலியைப் பிடித்தால், “எப்போ பேசினோம்?” என்ற ஒரு கேள்வியில் அது விழுந்துவிடும். மெஷின் சும்மா நின்றது, எங்கள் வாடிக்கையாளர் அபராதம் போட்டார் என்றெல்லாம் சேர்க்கும் தொகைகளுக்கும் இதே கதிதான்.

இங்கே என் இரண்டாவது தவறு. சீட்டில் மெஷின் ஷாப் கழிவு 16 என்று இருந்ததால், ஒவ்வொன்றுக்கும் முழுக் கூலி 105 வீதம் 1,680 போட்டிருந்தேன். ஆனால் 9 உருப்படிகளில் குறை லேத்திலேயே தெரிந்துவிட்டது. அவற்றுக்குத் துளை போடவே இல்லை. ஆகவே 9-க்கு 60 வீதம் 540, 5-க்கு 105 வீதம் 525, மொத்தம் 1,065. குறைந்தது 615 ரூபாய்.

கூலியின் மேல் ஜிஎஸ்டி சேர்க்க வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. இது பொருளின் விலை இல்லை, நஷ்டஈடு. ஒப்பந்தம் மீறப்பட்டதால் வந்த இழப்பை ஈடுகட்டத் தரும் தொகை, ஒரு சேவைக்கான விலை ஆகாது, அதனால் அதற்கு வரி இல்லை என்று மத்திய மறைமுக வரி வாரியம் 2022 ஆகஸ்டில் ஒரு சுற்றறிக்கையில் விளக்கியது. எனவே இந்தத் தொகை வரி இல்லாமல், சரக்கின் விலையோடு கலக்காமல் தனி வரியில் நிற்க வேண்டும். கலந்துவிட்டால் எதற்கு வரி போட்டோம் என்பது யாருக்கும் புரியாது.

மூன்றாவது தவறை எனக்குச் சுட்டிக்காட்டியவர் பவுண்டரிக்காரரேதான். “பன்னண்டரை கிலோவுக்குப் பணம் புடிக்கறீங்க, சரி. திரும்ப வர்றது அதைவிடக் கம்மிங்க. சீவின தூள் எங்க போச்சுங்க?” தூள் எங்கள் கொல்லையில் குவிந்து, பழைய இரும்பு வியாபாரிக்குக் கிலோ 25 ரூபாய்க்குப் போயிருந்தது. கடைசலில் உருப்படிக்கு ஒரு கிலோ தூள். துளையும் சேர்ந்தால் 1.4 கிலோ. ஆக 9 கிலோவும் 7 கிலோவும் சேர்ந்து 16 கிலோ, 400 ரூபாய். முழு எடைக்கும் விலையைத் திரும்ப வாங்கிக்கொண்டு, தூள் விற்ற காசையும் வைத்துக்கொள்வது நியாயம் இல்லை. அதைக் கழித்தோம்.

நோட்டில் நின்ற கணக்கு

திருத்திய நோட்டின் மேலே பில் எண், தேதி, சரக்கு வந்த தேதி, பரிசோதனை அறிக்கை எண், திருப்பி அனுப்பிய சலான் எண் ஆகியவை. கீழே கணக்கு இப்படி நின்றது:

- இறக்கும்போதே தள்ளியவை: 8 உருப்படி, 100 கிலோ, கிலோ ரூ. 110 – ரூ. 11,000
- மெஷினில் தெரிந்தவை: 14 உருப்படி, 175 கிலோ, கிலோ ரூ. 110 – ரூ. 19,250
- சரக்கு மதிப்பு – ரூ. 30,250
- மத்திய ஜிஎஸ்டி 9% – ரூ. 2,722.50
- மாநில ஜிஎஸ்டி 9% – ரூ. 2,722.50
- மெஷினிங் கூலி, வரி இல்லை (9 × 60 + 5 × 105) – ரூ. 1,065
- கழிக்க: தூள் விற்ற தொகை (16 கிலோ × 25) – ரூ. 400
- மொத்தப் பற்று – ரூ. 36,360

பில்லில் இதைக் கழித்தால் அவருக்குத் தர வேண்டியது 2,88,140 ரூபாய். இதோடு பரிசோதனை அறிக்கையின் நகல் ஒன்று, உருப்படி வாரியாக ஹீட் நம்பரும் கோளாறும் எழுதி இணைக்கப்பட்டது.

கணக்கில் இன்னொரு இடமும் வழுக்கும். சில பவுண்டரிகள் தள்ளிய உருப்படிக்குப் பதில் வேறு உருப்படி தருவார்கள். அதற்குப் புதிய பில் போட்டு அனுப்பினால், பழையதற்கு டெபிட் நோட் போடுவது சரி. சலானில் மட்டும், பணம் கேட்காமல் அனுப்பினால், விலைக்கு டெபிட் போடக் கூடாது. போட்டால் பொருளும் நம்மிடம், பணமும் நம்மிடம். ஸ்டோர்ஸும் கணக்குப் பிரிவும் பேசிக்கொள்ளாத கம்பெனிகளில் இது அடிக்கடி நடக்கும். ஆண்டுக் கடைசியில் இரண்டு பேரேடுகளையும் ஒப்பிடும்போதுதான் வெளியே வரும்.

வரித்துறைக்கு இது டெபிட் நோட் இல்லை

புதிதாக வேலைக்கு வருபவர்களைக் குழப்புவது இதுதான். ஜிஎஸ்டி சட்டத்தின் 34-வது பிரிவில் டெபிட் நோட் என்ற சொல் இருக்கிறது. ஆனால் அது விற்றவர், பில்லில் குறைவாகப் போட்டுவிட்டதைக் கூட்டுவதற்கு எழுதுவது. வாங்கியவர் எழுதும் டெபிட் நோட்டை அந்தப் பிரிவு பேசவே இல்லை. சரக்கு திரும்பினாலோ குறையுடையது என்று தெரிந்தாலோ, விற்றவர் கிரெடிட் நோட் போட வேண்டும். அதுதான் வரியைக் குறைக்கும் ஆவணம். நம் நோட்டு, அந்தக் கிரெடிட் நோட்டைக் கேட்டு அனுப்பும் கோரிக்கை, அவ்வளவே.

இதனால் என்ன ஆகிறது? பில் வந்தபோது 49,500 ரூபாய் வரியை நாங்கள் உள்ளீட்டு வரி வரவாக எடுத்துவிட்டோம். டெபிட் நோட் மூலம் அதில் 5,445 ரூபாயைப் பவுண்டரிக்காரருக்குத் தராமல் நிறுத்திக்கொண்டோம். அந்த 5,445 ரூபாய் வரவையும் திருப்பி விட வேண்டும். விடாமல் இருந்தால், தராத வரிக்கு வரவு எடுத்ததாகிறது. அவர் பக்கமோ, கிரெடிட் நோட் போட்டுத் தன் ஜிஎஸ்டிஆர்-1 தாக்கலில் காட்டினால்தான் அவர் கட்டிய வரி குறையும். வாங்கியவர் வரவைத் திருப்பி விட்டிருந்தால்தான் விற்றவர் வரியைக் குறைத்துக்கொள்ளலாம் என்று 2025 நிதிச் சட்டம் இந்தப் பிரிவைத் தெளிவாகவே திருத்தியிருக்கிறது. ஆக, இரண்டு பக்கமும் ஒரே எண் இருந்தாக வேண்டும்: மதிப்பு 30,250, வரி 5,445.

இதற்குக் கெடுவும் உண்டு. 2025-26 நிதியாண்டில் வந்த சரக்கு என்றால், வரியைக் குறைக்கும் கிரெடிட் நோட்டை 2026 நவம்பர் 30-க்குள் தாக்கலில் காட்ட வேண்டும். ஆண்டுக் கணக்கை அதற்கு முன்பே தாக்கல் செய்துவிட்டால் அந்தத் தேதியோடு முடிந்தது. அதன் பிறகு வரி சேர்த்து டெபிட் போட்டால், அந்த வரி அவருக்குத் திரும்பக் கிடைக்காது. அவர் சண்டைக்கு வருவார், அதில் நியாயமும் இருக்கும்.

15 நாள்

சரக்கைத் தள்ளுவதற்கும் காலம் இருக்கிறது. பவுண்டரி பதிவு பெற்ற குறு அல்லது சிறு நிறுவனமாக இருந்தால், 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம் குறுக்கே வரும். சரக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லவில்லை என்றால், சரக்கு வந்த நாளே அதை ஏற்றுக்கொண்ட நாளாகிவிடும். பணம் தருவதற்கான கெடு அன்றிலிருந்து ஓடும். எவ்வளவு தவணை பேசியிருந்தாலும் அது 45 நாளைத் தாண்ட முடியாது. போனில் சொன்னது எழுத்து ஆகாது.

புளோ ஹோல் மாதிரி ஒளிந்திருக்கும் குறைக்கு இது சங்கடமான விதி. சரக்கை அலமாரியில் அடுக்கிவைத்து இரண்டு மாதம் கழித்து லேத்தில் ஏற்றினால், 15 நாள் எப்போதோ போயிருக்கும். அதற்காக உரிமை முழுக்கப் போய்விடாது. 1930-ம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, ஏற்றுக்கொண்ட சரக்கைத் திருப்பித் தள்ளுவதுதான் பொதுவாக முடியாது. தரக் குறைவுக்கு ஈடு கேட்கலாம், அதை விலையில் கழிக்கவும் கேட்கலாம். ஆனால் அப்போது குறை அவருடையது என்று நிரூபிக்கும் பாரம் நம்மிடம் வந்துவிடும். அதனால்தான் மெஷினில் தெரியும் குறைக்கு இத்தனை மாதம் வரை பொறுப்பு என்று ஆர்டரிலேயே எழுதிவைக்கிறார்கள். எங்கள் சரக்கு வந்தது ஒரு மாதத்தின் 5-ம் தேதி. கண்ணால் தெரிந்த 8 உருப்படிகளைப் பற்றி 7-ம் தேதியே எழுதிவிட்டோம். மெஷின் வேலை 16-ம் தேதி முடிந்தது. 18-ம் தேதி மீதியையும் எழுதினோம். அது தற்செயல்தான். அவசர ஆர்டர் என்பதால் சரக்கு உடனே லேத்தில் ஏறியது.

மீண்டும் பவுண்டரிக்காரர்

திருத்திய நோட்டு போன நான்காம் நாள் அவருடைய வேன் வந்தது. 22 உருப்படிகளையும் கீழே இறக்கி, அவரே ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஒன்றைச் சம்மட்டியால் உடைத்து, உடைந்த முகத்தை வெயிலில் காட்டிப் பார்த்தார். உள்ளே தேனடை போல் துளைகள். மறுபேச்சு இல்லை. அடுத்த வாரம் கிரெடிட் நோட் வந்தது, 30,250-ம் 5,445-ம் பைசா பிசகாமல். கூலிக்கும் தூளுக்குமான 665 ரூபாய்க்கு வரி இல்லாத தனி நோட்டு.

அதன் பிறகு ஒரு நாள் போன் செய்தார். பணத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. அறிக்கை நகலைக் கையில் வைத்திருந்தார் போலிருக்கிறது.

“தம்பி, இதுல பதினாலுல பதினொண்ணு ஒரே ஹீட்டுனு எழுதியிருக்கீங்களே, நிசந்தானுங்களா?”

பரிசோதகரைக் கேட்டுவிட்டு, நிஜம்தான் என்றேன்.

“அன்னைக்கு மழை பேஞ்சதுங்க. மணல் திறந்தே கெடந்துச்சு” என்றார். பிறகு பின்னால் திரும்பி யாரையோ தார்ப்பாய் வாங்கச் சொல்வது கேட்டது.